லாபம் 9 லட்சம், கையில் 1 லட்சம்: சிறு பட்டறைக்கு மாஸ்டர் பட்ஜெட் – சந்தேகங்களும் விளக்கங்களும்

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கடைக்காரர்கள் சரக்கு எடுக்கத் தொடங்கியதும் பல பட்டறைகளில் ஒரே புலம்பல்தான்: “ஆர்டர் குவிகிறது, சம்பளம் போடப் பணம் இல்லை.” இதற்கு வங்கியையோ வியாபாரிகளையோ குறை சொல்வதற்கு முன், விற்பனை, உற்பத்தி, கொள்முதல், ரொக்கம், இருப்புநிலைக் குறிப்பு ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று கோத்து எழுதிப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கோத்து எழுதுவதுதான் மாஸ்டர் பட்ஜெட். கோவை ஆவாரம்பாளையம் பக்கம் இருப்பதாக ஒரு வெட் கிரைண்டர் பட்டறையைக் கற்பனை செய்து, அதன் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கணக்கை வைத்து, சிறு தொழில் நடத்துவோருக்கு வழக்கமாக எழும் சந்தேகங்களைப் பார்ப்போம்.

விற்பனை இலக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறோம். அது பட்ஜெட் ஆகாதா?

ஆகாது. இலக்கு என்பது வெறும் ஆசை. அந்த ஆசை நிறைவேற எத்தனை மோட்டார் வாங்க வேண்டும், அதற்கு எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், அன்று கல்லாவில் என்ன இருக்கும் என்பதையும் சொன்னால்தான் பட்ஜெட்.

ஆனால் தொடக்கம் விற்பனைதான். நம் பட்டறை ஒரே மாடல் டேபிள் டாப் கிரைண்டர் செய்கிறது. கடைக்காரருக்கு விலை, வரி நீங்கலாக, 4,000 ரூபாய். ஜூலையில் 400, ஆகஸ்டில் 500, செப்டம்பரில் 700 விற்கும் என்று மதிப்பிடுகிறார் உரிமையாளர். மூன்று மாதத்துக்கு 1,600 கிரைண்டர், 64 லட்சம் ரூபாய். மூன்று மாத பட்ஜெட்டுக்கு மூன்று மாத விற்பனையை மட்டும் மதிப்பிட்டால் போதாது. அக்டோபர் (600), நவம்பர் (400) மதிப்பீடும் வேண்டும். செப்டம்பர் கடைசியில் கையில் இருக்க வேண்டிய சரக்கை முடிவு செய்வது அக்டோபர் விற்பனை. அக்டோபர் உற்பத்தியை முடிவு செய்வதில் நவம்பருக்கும் பங்கு உண்டு.

ஜூலையில் 400 விற்கப் போகிறோம் என்றால் 400 செய்தால் போதாதா?

கடைக்காரர் ஆகஸ்ட் 2ஆம் தேதி வண்டியோடு வந்து நிற்பார். அன்று குடோனில் சரக்கு இல்லையென்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடுத்த மாத விற்பனையில் 20 விழுக்காடு தயாராக இருக்க வேண்டும் என்று நம் பட்டறை ஒரு விதி வைத்திருக்கிறது. ஜூலை 1 அன்று அப்படி 80 கிரைண்டர் இருப்பில் உள்ளது.

ஜூலை விற்பனை 400, மாதக் கடைசியில் வேண்டியது ஆகஸ்டின் 500இல் 20 விழுக்காடு, அதாவது 100. ஆக 500 வேண்டும். கையில் 80 இருக்கிறது. செய்ய வேண்டியது 420. இதே வழியில் ஆகஸ்டுக்கு 540, செப்டம்பருக்கு 680 வருகிறது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, பட்டறையால் மாதம் 680 செய்ய முடியுமா என்று பாருங்கள். உச்சபட்சத் திறன் 600 என்றால் மீதி 80ஐ ஜூலையிலும் ஆகஸ்டிலும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். முடியும்தான். ஆனால் அதற்கான மூலப்பொருளும் கூலியும் முன்னால் நகர்ந்துவிடும், ரொக்கக் கணக்கு இன்னும் இறுகும். உற்பத்தி மேற்பார்வையாளரும் கணக்குப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார வேண்டியது இதற்காகத்தான். நம் கதையில் திறன் 700 என்றே வைத்துக்கொள்வோம்.

கொள்முதலுக்கும் அதே கணக்கா?

அதே கணக்குதான். ஆனால் அது பற்றிக்கொள்ள வேண்டியது விற்பனை எண்ணை அல்ல, உற்பத்தி எண்ணை. பலர் சறுக்குவது இங்கேதான். 400 விற்கிறோம் என்று 400 மோட்டாருக்கு ஆர்டர் போட்டுவிட்டு, 420 செய்ய வேண்டிய இடத்தில் 20 குறைந்து நிற்பார்கள்.

மோட்டார், டிரம், கல், பாடி எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு 2,400 ரூபாய் என்று கொள்வோம். அடுத்த மாத உற்பத்தியில் 25 விழுக்காட்டுக்கான செட் மாதக் கடைசியில் இருக்க வேண்டும் என்பது விதி. ஜூலை தொடக்கத்தில் 105 செட் இருக்கிறது. ஜூலைக்கு 420, ஆகஸ்டின் 540இல் கால் பங்கு 135, கையில் உள்ள 105ஐக் கழிக்க வேண்டும். வாங்க வேண்டியது 450 செட், 10,80,000 ரூபாய். ஆகஸ்டில் 575 செட், 13,80,000. செப்டம்பரில் 650 செட், 15,60,000.

செப்டம்பரில் உற்பத்தி 680, கொள்முதல் 650 என்பதைக் கவனியுங்கள். அக்டோபரில் உற்பத்தி 560ஆகக் குறையப் போவதால் இருப்பைக் கொஞ்சம் கரைக்கிறோம். சீசன் முடிவதை விற்பனையை விட முன்னதாகக் காட்டிக்கொடுப்பது கொள்முதல் பட்ஜெட். இதை எழுதாமல் செப்டம்பர் வேகத்திலேயே மோட்டார் வாங்கியவர்களின் குடோனில் அவை பொங்கல் வரை தூங்கும்.

ரொக்க பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

விற்றது வேறு, வசூலானது வேறு என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் கடைக்காரர்கள் சரக்கு எடுத்த மாதத்தில் 30 விழுக்காடு தருகிறார்கள், மீதி 70 அடுத்த மாதம். மூலப்பொருள் தருபவர்களுக்கு நாம் பாதியை அந்த மாதமும் மீதியை அடுத்த மாதமும் கொடுக்கிறோம். ஜூன் மாதத்திலிருந்து வர வேண்டிய பாக்கி 9,80,000, தர வேண்டிய பாக்கி 4,80,000.

ஒரு கிரைண்டருக்கு பீஸ் ரேட் கூலி 400 ரூபாய், மின்சாரமும் சில்லறைச் சாமான்களும் 200 ரூபாய். இவை அந்தந்த மாதமே போய்விடும். வாடகை, அலுவலகச் சம்பளம், வண்டிச் செலவு மாதம் 2 லட்சம். உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு மாதம் 50,000 எடுக்கிறார். ஆகஸ்டில் 3 லட்சத்துக்கு ஒரு டிரில்லிங் இயந்திரம் வாங்கத் திட்டம். கையிருப்பு எப்போதும் 1 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு.

| ரூபாயில் | ஜூலை | ஆகஸ்ட் | செப்டம்பர் |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 2,00,000 | 1,38,000 | 1,04,000 |
| வசூல் | 14,60,000 | 17,20,000 | 22,40,000 |
| மூலப்பொருளுக்குக் கொடுத்தது | 10,20,000 | 12,30,000 | 14,70,000 |
| கூலி, மின்சாரம் | 2,52,000 | 3,24,000 | 4,08,000 |
| மாதச் செலவு | 2,00,000 | 2,00,000 | 2,00,000 |
| உரிமையாளர் எடுத்தது | 50,000 | 50,000 | 50,000 |
| இயந்திரம் | – | 3,00,000 | – |
| மீதி | 1,38,000 | –2,46,000 | 2,16,000 |
| ஓ.டி. எடுத்தது / கட்டியது | – | +3,50,000 | –1,10,000 |
| வட்டி | – | – | 3,500 |
| இறுதி இருப்பு | 1,38,000 | 1,04,000 | 1,02,500 |

ஆகஸ்டில் 2,46,000 ரூபாய் துண்டு விழுகிறது. 1 லட்சம் கையிருப்பும் வேண்டுமானால் 3,46,000 தேவை. முழு எண்ணாக 3,50,000 ஓ.டி. எடுத்து, செப்டம்பரில் ஒரு மாத வட்டியும் 1,10,000 அசலும் கட்டுகிறார்கள். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று கொண்டிருக்கிறோம்.

இயந்திரத்தை அக்டோபருக்குத் தள்ளினால் என்ன என்ற கேள்வி உடனே எழும். தள்ளினால் ஆகஸ்ட் மீதி 54,000. அப்போதும் 1 லட்சத்துக்குக் கீழேதான், ஆனால் 50,000 கடனில் சமாளித்துவிடலாம். செப்டம்பர் நெருக்கடிக்கு அந்த இயந்திரம் அவசியமா, இல்லையா என்பது உரிமையாளரின் முடிவு. தள்ளினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மட்டும் பட்ஜெட் சொல்லும்.

இத்தனை விற்றும் கடன் வாங்குகிறோமே, நஷ்டத்தில் ஓடுகிறோமா?

இல்லை. நல்ல லாபம். ஒரு கிரைண்டருக்கு மூலப்பொருள், கூலி, மின்சாரம் சேர்த்து அடக்கம் 3,000 ரூபாய். 1,600 கிரைண்டருக்கு 48 லட்சம். விற்பனை 64 லட்சத்தில் அது போக 16 லட்சம். மாதச் செலவு 6 லட்சம், தேய்மானம் 75,000, வட்டி 3,500 கழித்தால் லாபம் 9,21,500. (மாதச் செலவில் பட்டறை சார்ந்த பங்கை சரக்கு இருப்பின் மதிப்பில் ஆடிட்டர் ஏற்றுவார். அப்போது லாபம் சற்று மாறும். உள் கணக்குக்கு இது போதும்.)

அந்தப் பணம் எங்கே என்றால், கடைக்காரர்களிடம் இருக்கிறது. ஜூலை தொடக்கத்தில் 9,80,000ஆக இருந்த வர வேண்டிய பாக்கி செப்டம்பர் கடைசியில் 19,60,000. சரியாக 9,80,000 கூடியிருக்கிறது. காலாண்டின் மொத்த லாபத்தையும் விழுங்கி, அதற்கு மேலும் கொஞ்சம். சரக்கு இருப்பில் 2,04,000 கூடுதலாக முடங்கியிருக்கிறது. இயந்திரத்துக்கும் உரிமையாளர் எடுத்ததற்கும் 4,50,000. மூலப்பொருள் தந்தவர்கள் கூடுதலாக 3 லட்சம் பொறுத்ததும், வங்கியில் மீதமிருக்கும் 2,40,000 கடனும்தான் பட்டறையை ஓட்டியிருக்கின்றன.

விற்பனை ஏறும் மாதங்களில்தான் பணம் வறளும், இறங்கும் மாதங்களில் வசூல் வந்து குவியும். முதல் முறை பட்ஜெட் போடுபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அக்டோபரில் பணம் வந்து சேரும்போது, “சீசன் நன்றாக இருந்தது” என்று அதை நிலத்தில் போட்டுவிடுபவர்களும் உண்டு. அது செப்டம்பர் விற்பனையின் பணம். நவம்பர் மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் வேண்டியது.

லாபமும் ரொக்கமும் தெரிந்துவிட்டது. இருப்புநிலைக் குறிப்பு வேறு எதற்கு? அது ஆடிட்டர் வேலையல்லவா?

மார்ச் மாதத்துக்கானதை ஆடிட்டர் போடட்டும். செப்டம்பர் 30க்கான உத்தேச இருப்புநிலைக் குறிப்பை நாமே போட வேண்டும். மேலே சொன்ன எல்லாப் பட்ஜெட்டுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டுவது அது ஒன்றுதான்.

ஜூலை 1 அன்று பட்டறையின் சொத்து: ரொக்கம் 2,00,000, பாக்கி 9,80,000, மூலப்பொருள் 2,52,000, தயார் சரக்கு 2,40,000, இயந்திரங்கள் 12,00,000. மொத்தம் 28,72,000. தர வேண்டியது 4,80,000 போக முதல் 23,92,000.

செப்டம்பர் 30 அன்று ரொக்கம் 1,02,500, பாக்கி 19,60,000. மூலப்பொருள் 140 செட், 3,36,000. தயார் சரக்கு 120 கிரைண்டர், 3,60,000. இயந்திரம் புதியதையும் சேர்த்து, தேய்மானம் போக, 14,25,000. மொத்தம் 41,83,500. மறுபக்கம், தர வேண்டியது 7,80,000, ஓ.டி. 2,40,000. பழைய முதலோடு லாபத்தைக் கூட்டி, உரிமையாளர் எடுத்த 1,50,000ஐக் கழித்தால் முதல் 31,63,500. மொத்தம் அதே 41,83,500.

இதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு பட்ஜெட்டின் வால். 120 கிரைண்டர் உற்பத்தி பட்ஜெட்டிலிருந்து வருகிறது, 140 செட் கொள்முதலிலிருந்து, 19,60,000 வசூல் விதியிலிருந்து.

இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால்?

வித்தியாசத் தொகையை உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். சொத்துப் பக்கம் 75,000 குறைந்தால், தேய்மானத்தை ரொக்கச் செலவாகவும் கழித்திருப்பீர்கள். தேய்மானத்துக்கு யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. அது லாபத்தைக் குறைக்கும், கல்லாவைத் தொடாது.

வித்தியாசம் 1,50,000 என்றால் நம் கணக்கில் இரண்டு காரணம் இருக்கலாம். முதலும் கடனும் உள்ள பக்கம் கூடியிருந்தால், உரிமையாளர் எடுத்ததை முதலிலிருந்து கழிக்க மறந்திருப்பீர்கள். சொத்துப் பக்கம் கூடியிருந்தால், தேய்மானத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் பிழை இரட்டிப்பாகும்.

ஆனால் ஒத்துவந்துவிட்டது என்பதாலேயே பட்ஜெட் சரி என்று நினைக்க வேண்டாம். செப்டம்பர் விற்பனை 700 என்பது வெறும் நப்பாசையாக இருந்தாலும் இரண்டு பக்கமும் அழகாகச் சமன் ஆகும். கூட்டல் கழித்தல் சரி என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

கடைக்காரர்கள் சொன்னபடி தரவில்லை என்றால் எல்லாம் வீண்தானே?

வீணல்ல, அதற்காகத்தான் போடுகிறோம். எடுத்த மாதத்தில் 30க்குப் பதில் 20 விழுக்காடுதான் தருகிறார்கள், மீதியை அடுத்த மாதம் ஒழுங்காகத் தருகிறார்கள் என்று மாற்றிப் பாருங்கள். ஜூலையிலேயே வசூல் 1,60,000 குறைந்து கையிருப்பு பள்ளத்துக்குப் போகிறது. ஆகஸ்டில் இன்னொரு 40,000 குறைகிறது. வங்கியிடம் கேட்க வேண்டிய தொகை 3,46,000இலிருந்து ஏறத்தாழ 5,46,000 ஆகிறது. விற்பனையும் லாபமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வசூல் விதியை மட்டும் மாற்றி இரண்டாவது ரொக்கப் பட்டியல் போட்டு வைத்திருப்பது, விற்பனை இலக்கைப் பத்து முறை திருத்துவதை விடப் பயன் தரும்.

சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடு தாண்டிய தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டு வையுங்கள். அதே கெடு, நீங்கள் சிறு பட்டறைகளிடம் வாங்கும் டிரம்முக்கும் பாடிக்கும் பொருந்தும். பட்ஜெட்டில் அவர்களுக்கு 60 நாள் கழித்துத் தருவதாகப் போட்டால் வரிக் கணக்கில் இடிக்கும்.

ஜி.எஸ்.டி.யை எங்கேயும் காணோமே?

எளிமைக்காக விட்டிருக்கிறோம். நிஜ ரொக்க பட்ஜெட்டில் விடக் கூடாது. விற்பனை பட்ஜெட்டிலும் லாபக் கணக்கிலும் வரி வராது, ரொக்கத்திலும் பாக்கியிலும் வரும்.

வரி இரு பக்கமும் 18 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், செப்டம்பர் விற்பனை 28 லட்சத்துக்கு வரி 5,04,000. மூலப்பொருளில் கட்டியது 2,80,800. மீதி 2,23,200 ரூபாயை மாதத் தாக்கல் செய்பவர் அக்டோபர் 20க்குள் கட்ட வேண்டும். கடைக்காரர் தரும் 70 விழுக்காடு அன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்று அரசு கேட்காது. உச்ச விற்பனைக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

வங்கியில் இது உதவுமா?

உதவும். சிறு தொழில்களுக்கு நாயக் குழு பரிந்துரைத்த முறையில், உத்தேச ஆண்டு விற்பனையில் 25 விழுக்காட்டை நடைமுறை மூலதனத் தேவையாகக் கொண்டு, விற்பனையில் 20 விழுக்காட்டை வங்கியும் 5 விழுக்காட்டை உரிமையாளரும் போட வேண்டும். ஆண்டு விற்பனை 2 கோடி என்றால் வங்கி வரம்பு 40 லட்சம். அந்த 2 கோடி எப்படி வந்தது என்று மேலாளர் கேட்பார். உற்பத்தித் திறனும் கொள்முதலும் அதற்கு ஒத்துப்போவதைக் காட்டினால் பேச்சு எளிது.

வரம்பு கிடைத்ததாலேயே அவ்வளவும் எடுக்க முடியாது. மாதந்தோறும் தரும் சரக்கு விவரப் பட்டியலை வைத்து வங்கி எடுக்கும் தகுதியைக் கணக்கிடும். நம் பட்டறையில் ஆகஸ்ட் கடைசியில் பாக்கி 14 லட்சம், சரக்கு 8,28,000. தர வேண்டிய 6,90,000ஐக் கழித்தால் 15,38,000. அதில் 25 விழுக்காடு மார்ஜின் பிடித்தால் எடுக்கக் கூடியது சுமார் 11,50,000தான். நமக்கு வேண்டிய 3,50,000க்கு அது தாராளம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் பல வங்கிகள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஒரு முறை போட்டால் ஆண்டு முழுதும் போதுமா?

போதாது. ஜூலை முடிந்ததும் உண்மை எண்களை ஜூலைக் கட்டத்தில் நிரப்பி, அக்டோபரைப் புதிதாகச் சேருங்கள். அக்டோபரில் தீபாவளி போனஸும் செப்டம்பர் விற்பனையின் ஜி.எஸ்.டி.யும் ஒரே சமயத்தில் வரும். ஜூலை உண்மைகளைப் பார்க்கும்போது விற்பனை எண்ணுக்கு முன் வசூல் விழுக்காட்டைப் பாருங்கள், 30 என்று போட்டது 30ஆகவே வந்ததா என்று. அது குறைந்திருந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே இயந்திர ஆர்டரை நிறுத்தி வைக்கலாம்.

இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, ஐந்து தாள் கொண்ட ஓர் எக்செல் கோப்பு போதும். ஆகஸ்டில் ஓ.டி. தேவைப்படும் என்று கணக்கு சொன்னால், ஜூனிலேயே வங்கிக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.